முதல் முயற்சியிலேயே வென்றுவிடுவாய் என்று எழுதாதீர்கள்

கேள்வி: மேடம், நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டரை ஆண்டு வேலை செய்தாள். அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் சேரப் போகிறாள். வீட்டை விட்டுப் போவது இதுதான் முதல் முறை. நேரில் பேச எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். “நீ எதிலும் தோற்றதில்லை. அங்கே வைக்கும் தேர்விலும் முதல் முயற்சியிலேயே வென்றுவிடுவாய். நம் குடும்பமே உன்னை நம்பித்தான் இருக்கிறது. எதற்கும் கண் கலங்காதே” என்று தொடங்கியிருக்கிறேன். மூன்று லட்சம் கடன் இருக்கிறது. அதை எழுதலாமா? இந்தக் கடிதம் அவளுக்குத் தைரியம் தருமா?
— ஓர் அண்ணன், பெரம்பூர்

பதில்: தம்பி, முதல் முயற்சி பற்றிய அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். மற்ற வரிகளைப் பிறகு பார்ப்போம்.

நான் இங்கிலாந்தில் வார்டு நர்சாகப் பல ஆண்டு இருந்து, பிறகு புதிதாக வரும் வெளிநாட்டு நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் பார்த்தவள். அப்போது தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கை சுத்தம், வேகம், பொறுமை எல்லாம் உண்டு. தேர்வில் இரண்டு ஸ்டேஷனில், அதாவது இரண்டு பகுதிகளில், தோற்றுப்போனாள். அன்றிலிருந்து வீட்டுக்குப் பேசுவதைக் குறைத்துவிட்டாள். கேட்டால் நைட் டியூட்டி என்று சொல்லியிருக்கிறாள். தேர்வு தள்ளிப்போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறாள். மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் வேலைக்கு வந்தாள். ஒருநாள் மருந்து அறையில் உட்காரவைத்துக் கேட்டேன். “நான் முதல் முயற்சியிலேயே தேறிவிடுவேன் என்று அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், மேடம். இனி எப்படிச் சொல்வேன்?” என்றாள். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. உங்களைப் போலவே ஆசையாக நாலு வார்த்தை எழுதியவர்தான். அந்த நாலு வார்த்தையால்தான், கஷ்டம் வந்தபோது அவள் முதலில் போய்ச் சொல்லவேண்டிய ஆள் அவளுக்கு இல்லாமல் போனார்.

ஆகவே அந்தத் தேர்வு என்ன என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் கடிதம் தானாக வேறு மாதிரி வரும்.

நர்சுகள் அதை ஓஸ்கி என்பார்கள். கணினித் தேர்வை உங்கள் தங்கை இங்கேயே முடித்திருப்பாள். ஓஸ்கி அங்கே போன பிறகு நடக்கும் செய்முறைத் தேர்வு. மொத்தம் பத்து ஸ்டேஷன். அவற்றில் நான்கு, ஒரே நோயாளியைச் சுற்றி வருபவை: நிலைமையை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, செய்வது, செய்ததை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இன்னும் நான்கு கைவேலைத் திறன்களைப் பார்க்கும். மீதி இரண்டு எழுத்தில். வேலையில் சேரும் நாளிலிருந்து 12 வாரத்துக்குள் முதல் முறை எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் தேற வேண்டும் என்பது விசா விதி. தேறிய பிறகுதான் அந்நாட்டு நர்சிங் மன்றம் பதிவு எண் தரும். அதைத்தான் எல்லோரும் ‘பின் வந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொள்வார்கள்.

உங்களுக்கு முக்கியமானது இனிதான். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சி உண்டு. ஏழு ஸ்டேஷன் வரை தோற்றால், தோற்றவற்றை மட்டும் திரும்பச் செய்தால் போதும், கட்டணமும் 794 பவுண்டுக்குப் பதிலாகப் பாதிதான். எட்டோ அதற்கு மேலோ தோற்றால்தான் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று முறையும் தவறினால் ஆறு மாதம் காத்திருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டம்தான் உண்மையிலேயே சிக்கலானது, ஏனென்றால் விசாவின் எட்டு மாதம் அதற்குள் ஓடிவிடும். முதல் முறை ஒன்றிரண்டு ஸ்டேஷனில் தவறுவது அந்தக் கணக்கிலேயே சேராது. உங்கள் தொழிற்சாலையில் சோதனையின்போது ஒரு பெட்டியின் பிரேக்கில் குறை தெரிந்தால் என்ன செய்வீர்கள்? பெட்டியையே உடைத்துப்போட மாட்டீர்கள் அல்லவா? பிரேக்கைச் சரிசெய்து அதை மட்டும் மறுபடி சோதிப்பீர்கள். இதுவும் அவ்வளவுதான்.

நன்றாக வேலை தெரிந்த பெண்கள் ஏன் தவறுகிறார்கள்? பெரும்பாலும் வாய் திறக்காததால். மருந்து கொடுக்கும் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெண் அட்டவணையைப் பார்ப்பாள், கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்ப்பாள், ஒவ்வாமைப் பகுதியையும் கண்ணால் பார்த்துவிடுவாள், சரியான மாத்திரையைச் சரியான அளவில் எடுத்துக் கொடுப்பாள். எல்லாம் சரி. ஆனால் நோயாளியிடம் முழுப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, “உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?” என்று சத்தமாகக் கேட்டிருக்க மாட்டாள். கண்ணால் பார்த்ததைத் தேர்வாளர் எப்படி அறிவார்? கேட்காததைச் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார், அந்த ஸ்டேஷன் போய்விடும். நான் சொன்ன பெண் தோற்ற இரண்டில் ஒன்று இதுவே.

இது அவள் திறமையின் குறை இல்லை, நம் வார்டுகளின் பழக்கம். சென்னையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வேலையை வாய் பேசாமல் முடிப்பவள்தான் நல்ல நர்ஸ். “திரும்பிப் படுங்கள்” என்றால் நோயாளி திரும்புவார். அங்கே தொடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்க வேண்டும். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் நர்சின் கையில்தான் இருக்கும். உதவியாளர்கள் உண்டு, ஆனால் இங்கே போலக் கட்டிலுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பின் வரும்வரை அவளுக்குச் சம்பளப் படிநிலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். சீருடை வேறாக இருக்கலாம். தனியாக மருந்து கொடுக்க முடியாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு நரம்பில் ஊசி ஏற்றியவள், அங்கே அந்த மருத்துவமனையின் பயிற்சியை முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை அதைத் தொடக்கூட முடியாது. இரண்டரை ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைப் பிடித்து நிறுத்தியவளுக்கு இது எப்படி வலிக்கும் தெரியுமா? வந்த புதிதில் நான் அழுதது வீட்டு நினைவால் இல்லை, இதனால்தான். “எதற்கும் கண் கலங்காதே” என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள். அழுதால் அழட்டும். அழுததை மறைக்க வேண்டிய வேலையையும் சேர்த்து ஏன் கொடுக்கிறீர்கள்?

பேச்சு புரியாமல் போவது பற்றியும் ஒரு வரி எழுதலாம். அவள் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். ஆனால் வட இங்கிலாந்துப் பக்கம் போனால் பலர் மதியச் சாப்பாட்டை ‘டின்னர்’ என்பார்கள், சாயங்காலச் சாப்பாட்டை ‘டீ’ என்பார்கள். ஒரு தாத்தா ‘என் டீ எங்கே?’ என்று கேட்க, நான் ஓடிப்போய்ச் சூடாக ஒரு கோப்பை டீ கொண்டு நின்றேன். அவர் தட்டைத் தேடினார். அது சிரிப்போடு போயிற்று. டியூட்டி ஒப்படைக்கும்போதோ தொலைபேசியிலோ புரியாமல் தலையாட்டினால் சிரிப்போடு போகாது. நமக்குத் திரும்பக் கேட்பது அவமானம், பெரியவர் சொன்னால் ‘சரி’ என்பது மரியாதை. அங்கே திரும்பக் கேட்கிற நர்சைத்தான் நம்புவார்கள். உங்கள் தங்கை சின்ன வயதில் கேள்வி கேட்டு உங்களைப் பாடாய்ப்படுத்திய நாள் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை எழுதுங்கள். என் யோசனையைவிட அந்த ஒரு நினைவு நன்றாக வேலை செய்யும்.

இப்போது கடன். கட்டாயம் எழுதுங்கள், ஆனால் எண்ணோடு எழுதுங்கள். “குடும்பமே உன்னை நம்பி இருக்கிறது” என்ற வரியில் தொகை இல்லை, தேதியும் இல்லை. எவ்வளவு, எப்போது என்று தெரியாத கடனை மனிதர் தூக்கத்தில்கூடச் சுமப்பார். மூன்று லட்சத்தை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக்கு வாங்கியிருந்தால், மாதத் தவணை சுமார் 14,400 ரூபாய் வரும். பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தால் சுமார் 130 பவுண்டு. உங்கள் வட்டிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளத்தில் இது தாங்கக்கூடிய தொகைதான், ஆனால் முதல் இரண்டு மூன்று மாதத்தில் இல்லை. சம்பளம் மாதம் ஒருமுறை வரும். அந்த மாதச் சம்பளக் கணக்கை முடித்த பிறகு சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதற்குள் குளிருக்குக் கோட்டு வாங்க வேண்டும், பஸ் பாஸ் எடுக்க வேண்டும், மருத்துவமனை கொடுத்த தற்காலிக அறையை விட்டு வாடகை அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். முதல் சம்பளத்தில் வரியைத் தற்காலிகக் கணக்கில் அதிகமாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு, பிறகு சரிசெய்வார்கள். ஆகவே முதல் மூன்று தவணையை நீங்களே கட்டுவதாக எழுதிக்கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அது எந்தப் பாராட்டையும்விடப் பெரிய உதவி.

கடன் எதற்காக வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, நர்சிங் மன்ற விண்ணப்பம், துணிமணி என்று செலவானால் சரி. ஏஜென்ட் ஒருவர் ‘வேலை வாங்கித் தந்ததற்கு’ என்று வாங்கியிருந்தால், அது வேறு விஷயம். இங்கிலாந்து அரசின் வெளிநாட்டு ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி நர்சிடம் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது, அதைக் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவர். அப்படி நடந்திருந்தால் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் சேரப்போகும் மருத்துவமனையின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு எழுதட்டும்.

அதோடு அவளுடைய பணி ஒப்பந்தத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறை படியுங்கள். விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் தேர்வுக்கும் மருத்துவமனை செலவழித்திருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கலாம். எத்தனை பவுண்டு, எத்தனை மாதத்தில் எவ்வளவு குறைகிறது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். எழுதியிருக்காவிட்டால் புறப்படுமுன் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். திரும்பிவர வேண்டுமானால் என்ன விலை என்று தெரிந்தவள், பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. விலை தெரியாதவளுக்குத்தான் அந்த ஊர் சிறைபோலத் தோன்றும்.

நீங்கள் கேட்டது கடிதம். ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். அப்படியே காப்பி அடிக்காதீர்கள், அவளுக்கு உங்கள் கை தெரியும். அடைப்புக்குள் இருப்பதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“பாப்பா,

நேரில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். ஓஸ்கிக்கு மூன்று முயற்சி உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்றிரண்டு ஸ்டேஷன் போனால் அவற்றை மட்டும் மறுபடி செய்தால் போதுமாம். தேர்வுத் தேதியை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அம்மாவிடமும் நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன். முடிவு எதுவானாலும் முதலில் எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. தேறினால் ‘வந்துவிட்டது’. இல்லாவிட்டால் ‘மறுபடி’. அன்றைக்கு நான் எதுவும் கேட்க மாட்டேன்.

பின் வரும்வரை உன்னைத் தனியாக மருந்து கொடுக்க விடமாட்டார்களாம். உனக்குக் கோபம் வரும். நியாயம்தான். நம் பக்கத்து வீட்டுத் தாத்தா மூச்சு நின்றுபோன இரவில் நீ என்ன செய்தாய் என்று பார்த்தவன் நான். [உங்கள் நினைவை எழுதுங்கள்.] அங்கே யாருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும்.

புரியாவிட்டால் திரும்பக் கேள். நம் வீட்டில் நீ கேட்காத கேள்வியா?

கடன் இன்றைக்கு [இவ்வளவு]. தவணை மாதம் [இவ்வளவு]. முதல் மூன்று மாதம் நான் கட்டுகிறேன். நாலாவது மாதத்திலிருந்து நீ பாதி அனுப்பு, முடியாவிட்டால் சொல், இரண்டு மாதம் தள்ளிக்கொள்ளலாம். வேறு எந்தச் செலவுக்கும் இங்கிருந்து உன்னைக் கேட்க மாட்டோம். யாராவது உறவினர் கேட்டால் என்னிடம் அனுப்பிவிடு.

ஒருவேளை அங்கே இருக்க முடியவில்லை என்றால், திருப்பித் தர வேண்டியது [இவ்வளவு] பவுண்டு. இரண்டு பேரும் சேர்ந்து கட்டலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதற்காக வா என்று சொல்லவில்லை. வழி மூடவில்லை என்று சொல்கிறேன்.

தினமும் பேச வேண்டாம். நீ பேசாத நாள்களில் அம்மா பயப்படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அண்ணன்”

அந்தக் கடைசிப் பத்தியை லேசாக நினைக்காதீர்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் டியூட்டி பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, மற்ற நாள்கள் தூக்கம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அவள் காலை எட்டு மணிக்கு நைட் டியூட்டி முடித்து வெளியே வரும்போது இங்கே பகல் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆகியிருக்கும், நீங்கள் தொழிற்சாலையில் இருப்பீர்கள். “ஏன் ரெண்டு நாளாகப் பேசவில்லை?” என்று கேட்கும் குரல் அவளுக்கு இன்னொரு மேலதிகாரி. விடுமுறை நாளில் ஒருமுறை நீளமாகப் பேசினால் போதும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிப் பழக்குங்கள்.

இன்னொன்று. கடிதத்தை விமான நிலையத்தில் கையில் திணிக்காதீர்கள். மீனம்பாக்கத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள், அவள் பெட்டி எடையைப் பற்றிக் கவலைப்படுவாள், கடிதம் கைப்பையின் அடியில் போய்விடும். புறப்பட நாலைந்து நாள் முன்பு கொடுத்துவிடுங்கள். தவணைக் கணக்கில் ஏதாவது தவறு இருந்தால் அவள் பேனாவோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவாள். தொண்டை அடைப்பதாக எழுதியிருந்தீர்களே, அப்போது பேச வரும்.